மேமோகிராம் ரிப்போர்ட்டில் 0 என்று போட்டிருந்தால்

கேள்வி: எனக்கு 51 வயது. போன மாதம் எங்கள் பக்கம் நடந்த முகாமில் மேமோகிராம் எடுத்துக்கொண்டேன். கட்டி, வலி என்று எதுவும் கிடையாது. ரிப்போர்ட்டில் ‘இடது மார்பகத்தில் அசிமெட்ரி, எம்.எல்.ஓ. வியூவில் மட்டும்; டென்சிட்டி சி; பைராட்ஸ் 0; ஸ்பாட் கம்ப்ரஷன், அல்ட்ராசவுண்ட் தேவை’ என்று இருக்கிறது. மறுபடி படம் எடுக்க வரச்சொல்லி போனும் வந்தது. சைபர் என்றால் ஒன்றுமில்லை, விடு என்கிறார் நாத்தனார். காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்கிறார் வீட்டுக்காரர். மகன் நெட்டில் என்னவோ படித்துவிட்டு வாயே திறக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நான்கு வருடம் முன்பு சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு தடவை எடுத்திருக்கிறேன், அப்போது எதுவும் சொல்லவில்லை. நான் போகத்தான் வேண்டுமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்:

போங்கள் அம்மா. இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரம். ஆனால் கலங்கிப்போய்ப் போக வேண்டியதில்லை. நாத்தனார் சொல்வது தப்பு. மகனின் முகத்தைப் பார்த்து நீங்கள் நினைத்துக்கொள்வதும் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அந்த 0 ஒரு மதிப்பெண் இல்லை. படத்தைப் பார்த்த டாக்டர், ‘கையில் இருக்கும் படங்களை வைத்து என்னால் முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும்’ என்று எழுதிய குறி அது. பரீட்சை ரிசல்ட்டில் சிலருக்கு ‘நிறுத்தி வைப்பு’ என்று வருமே, அது மாதிரி. பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

பைராட்ஸ் என்பது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி என்ற அமைப்பு கொண்டுவந்த முறை. எந்த ஊர் டாக்டர் படித்தாலும் ஒரே பொருள் வரட்டும் என்று 0 முதல் 6 வரை எண் வைத்தார்கள். நாத்தனார் நினைக்கிற ‘ஒன்றுமில்லை’க்கு எண் 1. ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கில்லாதது என்று நிச்சயமாகத் தெரிந்தால் 2. தண்ணீர்க்கட்டி, சுண்ணாம்பு படிந்துபோன பழைய சாதுக்கட்டி எல்லாம் இதில் வரும். 1, 2 இரண்டுக்கும் அடுத்த வழக்கமான பரிசோதனைக்கு வந்தால் போதும். 3 என்றால் சாதுவாகத்தான் தெரிகிறது, புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கு மேல் இல்லை, ஆனாலும் ஆறு மாதத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம். 4 என்றால் சந்தேகம், ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 5-ல் சந்தேகம் மிக வலுவானது, நூற்றுக்கு 95-ம் அதற்கு மேலும். 6 என்பது ஏற்கெனவே பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகி, சிகிச்சைக்கு நடுவில் படம் எடுக்கிறவர்களுக்கு.

உங்கள் மகன் பேசாமல் இருப்பதற்குக் காரணம் எனக்கு ஓரளவு தெரியும். இந்த எண்களை நெட்டில் பார்க்கிற பலரும் புற்றுநோயின் ஸ்டேஜோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ‘பைராட்ஸ் 4 என்றால் நாலாவது ஸ்டேஜா டாக்டரம்மா?’ என்று கேட்டு என் அறையில் அழாத மாதமில்லை. ஸ்டேஜ் என்பது புற்றுநோய் உறுதியான பிறகு அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதன் கணக்கு. பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்ததும் எழுகிற சந்தேகத்தின் அளவு, அவ்வளவுதான். 4-லேயே 4ஏ, 4பி, 4சி என்று மூன்று உண்டு. 4ஏ வாங்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கோ அதற்கு மேலுமோ பயாப்சியில் புற்றுநோய் இல்லை என்றுதான் வரும்.

அந்த ‘சி’யும் அவரைப் பயமுறுத்தியிருக்கலாம். ‘டென்சிட்டி சி’க்கும் 4சி-க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டென்சிட்டி என்பது மார்பகத்தில் கொழுப்பு எவ்வளவு, பால் சுரப்பியும் நார்த்திசுவும் எவ்வளவு என்பதை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிப்பது. ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு, படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். சி, டி என்றால் சுரப்பித் திசு அதிகம். அது நோய் இல்லை, எத்தனையோ பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால் சுரப்பித் திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. உங்களைத் திரும்பக் கூப்பிட்டதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி ‘எம்.எல்.ஓ. வியூவில் மட்டும்’ என்ற வரியில் இருக்கிறது. ரிப்போர்ட்டிலேயே முக்கியமான வரி அதுதான், ஆனால் யாரும் அதைப் படிப்பதில்லை, எண்ணைத்தான் தேடுகிறார்கள். முகாமில் உங்களுக்கு நான்கு படம் எடுத்திருப்பார்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு. ஒன்று மேலிருந்து கீழாக அழுத்தி எடுப்பது, சி.சி. இன்னொன்று பலகையைச் சாய்த்து, அக்குள் வரை சேர்த்துப் பக்கவாட்டில் அழுத்தி எடுப்பது, எம்.எல்.ஓ. இரண்டு கோணம் எதற்கு என்றால், மார்பகம் கனபரிமாணம் உள்ள உறுப்பு, படமோ தட்டை. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதெல்லாம் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

மாடிக் கொடியில் சேலை காய்வதைப் பாருங்கள். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் ஒற்றையாக இருக்கும் இடம் வெளிறித் தெரியும், நாலு மடிப்பு சேர்ந்த இடம் அடர்த்தியாக, கறை பட்ட மாதிரி தெரியும். இரண்டடி நகர்ந்து நின்று பார்த்தால் அந்தக் ‘கறை’ இருக்காது. உண்மையான கறை என்றால் எங்கே நின்று பார்த்தாலும் இருக்கும், சேலையை உதறி விரித்தாலும் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ‘அசிமெட்ரி’ என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் அர்த்தம்: வலது பக்கத்தில் இல்லாத ஒரு வெண்மை இடது பக்கத்தில், அதுவும் ஒரு கோணத்தில் மட்டும் தெரிகிறது. கட்டி என்று தோன்றியிருந்தால் ‘மாஸ்’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டு கோணத்திலும் தெரிந்திருந்தால் ‘ஃபோகல் அசிமெட்ரி’ என்று எழுதுவார்கள், அது இதைவிடக் கொஞ்சம் கனமான சொல். ஒரு கோணத்தில் மட்டும் தெரிகிற அசிமெட்ரிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மடிப்பு வகைதான்.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும் என்றால், எல்லாமே அந்த வகை இல்லை என்பதால்தான். சில புற்றுநோய்கள், கட்டியாக உருண்டு திரளாமல் நூல் இழை மாதிரி பரவுகிறவை, முதலில் ஒரே கோணத்தில்தான் தலை காட்டும். சேலையை உதறிப் பார்க்காமல் எது எது என்று சொல்ல முடியாது.

உதறிப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், உங்கள் வயதுதான். இதே போல் இடது பக்கம், எம்.எல்.ஓ.வில் மட்டும், மேல் பாதியில், காம்பிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உள்ளே ஒரு வெண்மை. முதலில் நான் கேட்டது நேர் பக்கவாட்டுப் படம். சாய்வாக அழுத்தாமல், தொண்ணூறு டிகிரியில் நேராக அழுத்தி எடுப்பது. இதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. சாய்வுப் படத்திலிருந்து நேர்ப் படத்துக்கு மாறும்போது, மார்பின் வெளிப்பக்கத்தில் இருக்கும் பொருள் படத்தில் கீழே இறங்கும், உள்பக்கத்தில் இருப்பது மேலே ஏறும். ஒரே கோணத்தில் தெரிந்த ஒன்று நிஜமாகவே இருந்தால் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை இதை வைத்துப் பிடித்துவிடலாம். அந்த அம்மாவுக்கு அது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, கலைந்து நூல் நூலாகத் தெரிந்தது.

கலைந்தது என்று அப்படியே விட்டுவிட முடியாது. அடுத்தது ஸ்பாட் கம்ப்ரஷன். பெரிய அழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அளவே உள்ள சின்னப் பலகையை மாட்டுவார்கள். முதல் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, காம்பிலிருந்து விரலால் அளந்து, சந்தேகம் உள்ள இடம் சரியாகப் பலகையின் நடுவில் வருகிற மாதிரி டெக்னீஷியன் வைப்பார். பெரிய பலகை மார்பு முழுவதையும் அழுத்துகிறது, சின்னப் பலகை அந்த ஒரு இடத்தை மட்டும். அழுத்தம் ஒரே இடத்தில் விழுவதால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த திசுக்கள் விலகி விரியும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், சில விநாடிகள்தான். மூச்சை அடக்கச் சொல்வார்கள், படம் எடுத்ததும் பலகை தானாகத் தளர்ந்துவிடும். இங்கே கெட்டுப்போகிற விஷயம் ஒன்று உண்டு. பலகை ஓரமாக விழுந்து, சந்தேகம் உள்ள இடம் படத்துக்கு வெளியே போய்விட்டால், ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று படம் பொய் சொல்லும். அதனால்தான் நான் பக்கத்தில் இருக்கும் கொழுப்பின் கோடுகளையும் ரத்தக்குழாய்களையும் பழைய படத்தோடு ஒப்பிட்டு, இது அதே இடம்தானா என்று பார்த்துக்கொண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போவேன். அந்த அம்மாவின் படத்தில் அது அதே இடம்தான், வெண்மை விரிந்து பக்கத்துத் திசு மாதிரியே ஆகிவிட்டிருந்தது.

அப்புறம் அல்ட்ராசவுண்ட். படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்லி, மேல் பாதி முழுவதையும் அக்குளையும் பார்த்தேன். வெறும் சுரப்பித் திசு. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். ரிப்போர்ட்டில் 0 போய் 1 வந்தது. மாலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. ஸ்பாட் கம்ப்ரஷனிலும் அது கலையாமல் நின்றால் அல்ட்ராசவுண்டில் என்ன தெரிகிறது என்பது முக்கியம். தண்ணீர்க்கட்டி என்றால் 2. கெட்டியானது, ஆனால் முட்டை வடிவத்தில் விளிம்பு சுத்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் 3, ஆறு மாதத்தில் ஒரு பார்வை, பிறகு ஒரு வருடத்தில், இரண்டு வருடத்தில். அதுவரை மாறாமல் இருந்தால் அதுவும் 2 ஆகிவிடும். விளிம்பு கரடுமுரடாக இருந்தாலோ, சுற்றியுள்ள திசுவை இழுத்துச் சுருக்கியிருந்தாலோ 4 அல்லது 5. உணர்விழக்கும் ஊசி போட்டுவிட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே தடித்த ஊசியால் நூல் மாதிரி நாலைந்து துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவோம். அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை, ஆனால் மேமோகிராமில் நிற்கிறது என்ற நிலையும் வரும். அப்போது மேமோகிராமின் வார்த்தைதான் செல்லும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் அடிக்கடி நடக்கும் பிசகு இது. ‘மறுபடி அழுத்துவது எல்லாம் வேண்டாம், ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம்’ என்று பக்கத்துத் தெரு சென்டரில் அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்துக்கொண்டு, அது நார்மல் என்று வந்ததும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். கேள்வி கேட்டது மேமோகிராம். அந்த மேமோகிராமைப் பார்க்காமலே ஸ்கேன் செய்கிறவருக்கு எந்த இடத்தைத் தேட வேண்டும் என்றே தெரியாது. சந்தேகம் சின்னச் சின்ன சுண்ணாம்புப் புள்ளிகளைப் பற்றியது என்றால் அவற்றில் பல அல்ட்ராசவுண்டில் தெரியவே தெரியாது. அதற்குப் பெரிதாக்கி எடுக்கும் படம்தான் வேண்டும்.

வீட்டுக்காரரின் காசு விஷயத்துக்கு வருகிறேன். அவர் சந்தேகப்படுவதில் தப்பில்லை, தேவையில்லாத டெஸ்ட் எழுதுகிற இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் திரும்ப அழைப்பது இந்தப் பரிசோதனையின் இயல்பிலேயே இருக்கிறது. எல்லாக் கணக்கையும் எழுதி வைக்கிற அமெரிக்காவில், அறிகுறி எதுவும் இல்லாமல் மேமோகிராம் எடுக்கிற 1000 பெண்களில் சுமார் 100 பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அந்த 100 பேரில் கடைசியில் புற்றுநோய் என்று தெரியவருவது சுமார் 5 பேருக்கு. நம் ஊருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது, ஆனால் விகிதத்தின் போக்கு புரியும். முதல் முறை எடுக்கிறவர்களைக் கூடுதலாகவே கூப்பிடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருக்காது என்பதால்.

முகாமில் 0 அதிகம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களைப் போன்ற இடத்தில் படம் எடுக்கும்போதே ரேடியாலஜிஸ்ட் பார்த்து, சந்தேகம் இருந்தால் அங்கேயே இன்னொரு படமும் அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுவோம். நோயாளிக்கு 0 என்ற எண்ணே தெரியாமல் போய்விடும். முகாமில் டெக்னீஷியன் படத்தை எடுத்து அனுப்பிவிடுவார், டாக்டர் வேறொரு இடத்தில் வேறொரு நாள் உட்கார்ந்து படிப்பார். அதற்குள் நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டிருப்பீர்கள்.

இப்போது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் சென்னைப் படம். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். அந்தப் பழைய ஃபிலிம் அல்லது சி.டி. கிடைத்து, அதிலும் இதே இடத்தில் இதே வெண்மை இதே அளவில் இருந்தால், நான்கு வருடமாக அது நகரவில்லை என்று பொருள். கூடுதல் படமே தேவைப்படாமல், டாக்டர் 0-வை அழித்துவிட்டு 1 அல்லது 2 போட்டுவிடலாம். அன்று இல்லாமல் இன்று புதிதாக வந்திருந்தால் அதுவும் அவருக்குத் தெரிய வேண்டிய சங்கதி. சந்தேகம் கொஞ்சம் கூடும், இன்னும் கவனமாகத் தேடுவார். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ‘நார்மல்’ என்ற வார்த்தையோடு படத்தை ஒப்பிட முடியாதே. மகள் வீட்டு பீரோவில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் எடுத்த சென்டருக்கு உங்கள் பெயர், எடுத்த மாதம் சொல்லிக் கேட்கட்டும், பல இடங்களில் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள். 2015 வெள்ளத்தில் ஃபிலிம் எல்லாம் போச்சு என்று சொன்ன கடலூர்க்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன், உங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஆனால் ஃபிலிம் தேடுகிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பத்து நாளில் கிடைக்கவில்லை என்றால் அது இல்லாமலே போய்விடுங்கள்.

தள்ளிப்போட்ட ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் நாத்தனார் மாதிரியே, சைபர் என்றால் சுத்தம் என்று யாரோ சொல்லி, ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துவிட்டார் ஒரு அம்மா. ஒன்றரை வருடம் கழித்துத் தோல் குழி விழுந்த பிறகு வந்தார். அந்த முதல் படத்தையும் கொண்டுவந்திருந்தார். அதே இடம்தான்.

முகாம் நடத்தியவர்களே கூப்பிட்டிருப்பதால் அங்கேயே போவது நல்லது, பழைய படம் அவர்கள் கையில் இருக்கும். போவதற்கு முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஸ்பாட் கம்ப்ரஷன் வசதி அங்கே இருக்கிறதா, அன்றைக்கு ரேடியாலஜிஸ்ட் நேரில் இருப்பாரா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் முகாம் படங்களை சி.டி.யில் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ். ஜிப்மர் இருக்கிறது, தனியார் இடங்களும் உண்டு. அன்று காலை குளித்துவிட்டு மார்பிலும் அக்குளிலும் பவுடர், ஸ்ப்ரே எதுவும் போடாமல் போங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கஷ்டம்தான், ஆனால் பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே விழும். துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுக்க நேரும், வீட்டுக்காரருக்கு இன்னும் கோபம் வரும். புடவையோ சுடிதாரோ, மேல்பாதி தனியாகக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும்.

இதற்கு நடுவில் கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளே இழுத்தாலோ எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள். டென்சிட்டி சி உள்ளவர்களுக்கு 1 என்று வந்த பிறகும் இது பொருந்தும், ஏனென்றால் வெள்ளைத் திசுவுக்குள் வெள்ளைக் கட்டி ஒளிந்துகொள்ள முடியும்.

எல்லாம் முடிந்து புது ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசி வரியைப் பாருங்கள். அதில் 0 இருக்கக் கூடாது. மறுபடியும் 0 என்றே இருந்தால், ‘இன்னும் எது பாக்கி?’ என்று அங்கேயே நின்று கேளுங்கள். சென்னைப் படம் வரட்டும் என்று காத்திருப்பதாகச் சொன்னால் சரி, அது நியாயமான பதில். வேறு காரணம் சொல்லத் தெரியாமல் விழித்தார்கள் என்றால், எல்லாப் படங்களையும் சி.டி.யில் வாங்கிக்கொண்டு வாருங்கள், நான் பார்க்கிறேன்.